சேற்றுப்புண்ணுக்கு வந்தவரின் குதிகாலில் இருந்த கறுப்பு

சம்பா நடவு முடிகிற நாட்களில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சேற்றுப்புண்ணோடுதான் வருவார்கள். நாள் முழுக்கச் சேற்றில் நின்று விரல் இடுக்கு வெளுத்து, வெடித்து, எரிச்சல் தாங்காமல் வருகிறவர்கள். இந்த அம்மாவும் அப்படித்தான் வந்தார். வயது 56, நடவு வேலை. கூட மருமகள். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, நாலு பேரு காலைப் பாத்துக்கட்டும்" என்றார்.)

விரல் இடுக்குக்குக் களிம்பு எழுதிய பிறகு, வழக்கப்படி காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். யாரும் தானாக உள்ளங்காலைக் காட்டுவதில்லை. டாக்டரிடம் பாதத்தை நீட்டுவது மரியாதை இல்லை என்று அவர்களுக்கு ஒரு கூச்சம். கேட்டால்தான் காட்டுவார்கள், அதனால் கேட்டுவிடுவேன். இடது குதிகாலின் உள்பக்க ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது.

"அது ஆணி டாக்டரம்மா. ஒரு வருசமா கெடக்கு. வலியெல்லாம் இல்ல."

கால் ஆணி கறுப்பாக இருக்காது. மஞ்சளாக, கண்ணாடி போல, அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும். இதில் வலியே இல்லை.

மருமகள்தான் முழுக் கதையையும் சொன்னார். ஒரு வருடத்துக்கு முன்பு கருவேல முள் குத்தியிருக்கிறது. முள்ளை எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. முள்ளின் மிச்சம் உள்ளே நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு பெரிதாகத் தெரியவே, மருந்துக் கடையில் ஆணிக்கான பிளாஸ்திரி வாங்கி மூன்று வாரம் ஒட்டியிருக்கிறார்கள். மேல்தோல் வெள்ளையாக ஊறி உரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. ஒருமுறை பிளேடால் சீவியபோது ரத்தம் வந்திருக்கிறது. இன்னொரு இடத்தில் காட்டியபோது, "மரு மாதிரி இருக்கு, கரண்ட் வச்சு எரிச்சுடலாம்" என்றார்களாம். தேதியும் கொடுத்திருக்கிறார்கள். அன்று நாற்றுப் பறிக்கும் வேலை வந்துவிட்டதால் போகவில்லை. அந்த நாற்றுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு, "உள்ளங்கால்ல மச்சம் இருந்தா ஊர் சுத்துவ" என்று கேலி செய்திருக்கிறார்கள். வயலுக்கும் வீட்டுக்கும் தவிர எங்கேயும் போகாத மனுஷி.

வெறும் கண்ணில் தெரிந்தது

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களில் வரும் புற்றுநோய். சாதாரண மச்சமும் அதே குடும்பத்துச் செல்களால் ஆனதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க 1985-இல் நியூயார்க் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் ஆங்கில எழுத்துகளை வைத்து ஒரு நினைவுக் குறிப்பு போட்டார்கள். ஏ என்றால் இரு பாதியும் ஒத்துப்போகாதது. பி என்றால் ஓரம் ஒழுங்கில்லாதது. சி என்றால் பல நிறம். டி என்றால் 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், அதாவது பென்சிலின் பின்பக்கத்து ரப்பர் அளவுக்கு மேல். மாறிக்கொண்டே இருப்பதைக் குறிக்கும் இ 2004-இல் சேர்ந்தது.

இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் கண் தானாகப் பார்க்கும். சாதாரண மச்சத்தில் செல்கள் கூடு கூடாகச் சேர்ந்து எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதனால்தான் அது பெரும்பாலும் வட்டமாக, ஒரே நிறமாக இருக்கிறது. புற்றுச் செல்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு பக்கத்துச் செல்கள் வேகமாகப் பரவும், இன்னொரு பக்கம் மெதுவாகப் பரவும், வேறொரு பக்கம் உடலின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சத்தை அழித்துவிடும். கோணல், பிசிறு, நிறக்கலப்பு மூன்றுக்கும் காரணம் இந்த ஒழுங்கின்மைதான்.

அந்த அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். திட்டின் நீளம் 19 மி.மீ., அகலம் 13 மி.மீ. நடுவில் ஒரு கோடு போட்டு மடித்ததாக நினைத்துப் பார்த்தேன். எந்தத் திசையில் மடித்தாலும் பாதி பாதியோடு பொருந்தவில்லை. குதிகாலின் பின்பக்கம் அகன்று, முன்பக்கம் வால் போல நீண்டிருந்தது.

ஓரத்தில் இரண்டு விதம் இருந்தது. பின்பக்கம் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக முடிந்தது, அதிலும் ஓர் இடத்தில் உள்ளே குடைந்தது போல ஒரு பள்ளம். முன்பக்கம், ஈரக் காகிதத்தில் மை கசிந்தது போல எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாமல் மங்கிப் போனது. ஒரே திட்டில் இந்த இரண்டு ஓரமும் இருப்பதுதான் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவைத்தது.

நிறத்தை நான் எப்போதும் எண்ணிப் பார்ப்பேன். இதில் நான்கு. வால் பகுதியில் வெளிர்ப் பழுப்பு, நடுவில் வறுத்த காபிக்கொட்டைப் பழுப்பு, பின்பக்கம் தார்க் கறுப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் சாம்பல் கலந்த நீலம். இந்த நீலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மெலனின் தோலின் மேல் அடுக்கில் இருந்தால் கறுப்பாகவும், கொஞ்சம் கீழே இருந்தால் பழுப்பாகவும், அதற்கும் கீழே போனால் சாம்பலாகவும் நீலமாகவும் தெரியும். ஒரே திட்டில் எல்லா நிறமும் இருக்கிறது என்றால், நிறமி பல ஆழங்களில் கிடக்கிறது என்று பொருள். நீலம் இருப்பதால் மட்டுமே புற்று என்று சொல்லிவிட முடியாது. முழுக்க நீலமாகவே இருக்கும் தீங்கில்லாத மச்சமும் உண்டு. நான்கும் கலந்து கிடப்பதுதான் சந்தேகம்.

தார்க் கறுப்புப் பகுதியில் விரலால் தடவினால் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. மற்ற இடமெல்லாம் தட்டை. இந்த மேடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

மருமகளின் கட்டைவிரல் நகம்

மீதி இருந்தது இ. மாறியதா, எவ்வளவு வேகமாக மாறியது? "வளந்திருக்கும்" என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கண் தினமும் பார்க்கிற ஒன்றின் வளர்ச்சியைக் கண் பிடிக்காது. முள் குத்திய அன்று ஏதாவது படம் எடுத்தீர்களா என்று சும்மா கேட்டேன். மருமகள் போனைத் தேடி, செவிலியர் வேலையில் இருக்கும் தன் அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய படத்தை எடுத்துவிட்டார். தேதியோடு இருந்தது, சரியாக 14 மாதம் முன்பு.

படத்தில் குதிகாலை மருமகளின் கை பிடித்திருக்கிறது. முள் குத்திய சிவப்பு ஒரு பக்கம், அதற்கு ஒரு விரல் அகலம் தள்ளிப் பழுப்புப் புள்ளி ஒன்று. அப்படியானால் முள்ளுக்கும் அந்தப் புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை, அது ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது. அளவு தெரிய அளவுகோல் வேண்டுமே. புள்ளிக்குப் பக்கத்திலேயே மருமகளின் கட்டைவிரல் நகம் தெரிந்தது. "கையை நீட்டும்மா" என்று சொல்லி அந்த நகத்தின் அகலத்தை அளந்தேன். 11 மி.மீ. படத்தில் புள்ளி நகத்தின் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆக சுமார் 7 மி.மீ. தட்டை. பழுப்பு மட்டும்தான், கறுப்போ நீலமோ இல்லை.

7-லிருந்து 19 மி.மீ., 14 மாதத்தில். ஒரு நிறத்திலிருந்து நான்கு நிறம். தட்டையிலிருந்து மேடு. சின்னப் பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் புது மச்சம் வருவதும் மெதுவாக வளர்வதும் இயல்பு. ஐம்பதைத் தாண்டியவருக்கு ஒரு வருடத்தில் இப்படி ஆவது இயல்பு இல்லை.

எழுத்துகள் ஐந்தில் எனக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள் என்றால் இ-யைத்தான் கேட்பேன். நம் ஊர்ப் பெரியவர்களின் முகத்திலும் முதுகிலும், ஒட்டவைத்தது போலக் கறுப்பாக, சொரசொரப்பாக வளரும் மருக்கள் இருக்கின்றன இல்லையா? ஓரம் பிசிறாக இருக்கும், நிறம் இரண்டு மூன்று இருக்கும், 6 மி.மீ.க்கு மேலேயும் இருக்கும். எழுத்துக் கணக்கு மட்டும் பார்த்தால் பாதித் தாத்தாக்களை ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டியதுதான். அவை வயதானால் வரும் தீங்கில்லாத வளர்ச்சிகள். மாறாக, முடிச்சு வகை மெலனோமா என்று ஒன்று உண்டு. அது ஏ, பி, சி, டி நான்கிலும் பாஸாகிவிடும். வட்டமாக, ஓரம் ஒழுங்காக, ஒரே நிறமாக, 5 மி.மீ. அளவில் இருக்கும். சிலருக்குக் கறுப்பே இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஆனால் தொட்டால் கெட்டியாக, மேடாக, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிப்பது வளர்ச்சி ஒன்றுதான்.

மையைத் தடவிப் பார்த்தது

உள்ளங்காலில் கறுப்பு என்றால் முதலில் விலக்க வேண்டியது உறைந்த ரத்தம். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் அழுத்தத்தில் மேல்தோலுக்குள் ரத்தம் கசிந்து கறுத்துப்போகும். தோலை ஈரமாக்கி, பிளேடின் நுனியால் மெல்லச் சுரண்டினால் அது செதிலோடு சேர்ந்து வந்துவிடும். இவருக்குச் சுரண்டினேன், வெள்ளைச் செதில்தான் வந்தது. கறுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்தது டெர்மோஸ்கோப். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும், விளக்கு வைத்த கைலென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கால் தோலில் கைரேகை போலவே வரிகள் உண்டு. உழுத நிலத்தில் வரப்பும் சாலும் மாறி மாறி வருவது போல, வரம்பு ஒன்று, பள்ளம் ஒன்று. பள்ளத்தின் வழியாக நிறம் ஓடினால் அது பெரும்பாலும் சாதாரண மச்சம். வரம்பின் மேல் நிறம் உட்கார்ந்திருந்தால் மெலனோமா என்று சந்தேகப்பட வேண்டும். ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளங்கால் மச்சங்களைப் பார்த்துக் கண்டுபிடித்த விதி இது. அங்கேயும் மெலனோமா அதிகமாக வருவது பாதத்தில்தான், அதனால் அவர்கள் அந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், தழும்பேறிய குதிகாலில் எது வரம்பு, எது பள்ளம் என்று சட்டென்று தெரியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. மேசையில் இருந்த பேனா மையை ஒரு சொட்டு தடவி, உடனே பஞ்சால் துடைத்தேன். மேட்டில் இருந்த மை போய்விடும், பள்ளத்தில் மட்டும் தங்கும். லென்ஸை வைத்துப் பார்த்தால் மெல்லிய நீலக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. பழுப்பு நிறம் அந்த நீலக் கோடுகளின் மேல் இல்லை. அவற்றுக்கு நடுவே அகலப் பட்டைகளாக இருந்தது. பட்டைகளின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. வியர்வைத் துளைகள் வரம்பின் மேல்தான் திறக்கும், அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை. நிறம் வரம்பின் மேல்தான் இருந்தது.

மருமகளையும் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, "நாத்து வரிசை மாதிரி இருக்கு" என்றார்.

இந்த அடையாளமும் நூற்றுக்கு நூறு கிடையாது. கசிந்த ரத்தமும், சில சாயங்களும் வரம்பின் மேல் படிந்து ஏமாற்றும். அதனால்தான் முதலில் சுரண்டிப் பார்ப்பது. வரம்பிலும் இல்லாமல், பள்ளத்தில் ஒழுங்காகவும் இல்லாமல் குழப்பமாக இருக்கும் திட்டுக்கு அளவுதான் தீர்ப்பு. 7 மி.மீ.க்கு மேல் என்றால் சதையெடுத்துப் பார்த்துவிட வேண்டும். குறைவு என்றால் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

இரண்டு இடத்தில் எடுத்த சதை

அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த கணவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். "இது ஆணி இல்ல. புத்துநோயா இருக்கலாம்னு சந்தேகப்படுறேன். கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்." அவர் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே?" மெலனோமாவில் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பரிசோதித்தவர்களையும், முழுதாக எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆயுளில் வித்தியாசம் காணவில்லை. பரவ வைப்பது கத்தி இல்லை, காத்திருப்பது. இதை அவரிடம் இவ்வளவு நீட்டமாகச் சொல்லவில்லை. "அப்படி ஆகாதுங்க அய்யா, பாத்திருக்காங்க" என்றேன்.

சின்ன மச்சமாக இருந்தால் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு முழுதாக எடுத்து அனுப்புவதுதான் சரி. குதிகாலில் 19 மி.மீ. திட்டுக்கு அது முடியாது, மூட தோல் போதாது. அதனால் தோலை வட்டமாகக் குடைந்தெடுக்கும் 4 மி.மீ. பஞ்ச் கருவியால் எடுக்க முடிவு செய்தோம். குதிகாலில் ஊசி போடுவது மிகவும் வலிக்கும். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போட்டால் உள்ளங்கால் மரத்துவிடும். அப்படியே செய்தோம்.

எங்கே எடுப்பது என்பதுதான் கேள்வி. இரண்டு இடத்தில் எடுத்தேன். ஒன்று கறுப்பு மேட்டில், இன்னொன்று தட்டையான பழுப்புப் பகுதியில். தனித்தனி பாட்டிலில் ஃபார்மலினில் போட்டு, எது எங்கிருந்து எடுத்தது என்று படம் வரைந்து அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. தட்டைப் பகுதியில் புற்றுச் செல்கள் மேல்தோலுக்குள்ளேயே இருந்தன, கீழே இறங்கவில்லை. மேட்டுப் பகுதியில் 1.8 மி.மீ. ஆழம் இறங்கியிருந்தன. அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா, அதாவது கை கால் தோலில் வரும் வகை.

தட்டைப் பகுதியில் மட்டும் எடுத்திருந்தால், "ஆரம்ப நிலை, மேலோட்டமா எடுத்தாப் போதும்" என்று தவறாகப் போயிருப்போம். மெலனோமா பெரும்பாலும் முதலில் பக்கவாட்டில் படரும். அது மாதங்களோ வருடங்களோ நீடிக்கலாம். அப்புறம் ஓர் இடத்தில் செங்குத்தாகக் கீழே இறங்கத் தொடங்கும். கீழே இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இருக்கின்றன. அதனால் நோயின் போக்கைச் சொல்வது அகலத்தைவிட ஆழம்தான். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர், மைக்ரோஸ்கோப்பில் மேல்தோலிலிருந்து அடியில் கடைசிப் புற்றுச் செல் வரை மில்லிமீட்டரில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அந்த எண்ணை முக்கியமாக வைத்துத்தான் மற்ற முடிவுகள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன.

அந்த நாற்றுப் பறிப்புக்கு ஏன் நன்றி சொன்னேன் என்றால் இதனால்தான். கரண்ட் வைத்து எரித்திருந்தால் மேல்பக்கம் கருகிப் போயிருக்கும், பரிசோதிக்கச் சதை இருக்காது, ஆழமே தெரியாமல் போயிருக்கும். அடியில் மிச்சம் இருப்பது தழும்புக்குக் கீழே யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருக்கும். கறுப்புத் திட்டு எதையும் எரிக்கும் முன்பும், ஆசிட் வைக்கும் முன்பும், அது என்ன என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். வெட்டி எடுத்தால் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், குப்பையில் போடக் கூடாது.

வெட்டியதும் மூடியதும்

சென்னையில் புற்றுநோய் அறுவைப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே திட்டைச் சுற்றி 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து, அடியில் தசைமேல் உறை வரை எடுத்தார்கள். அன்றே இடுப்புக் கவட்டில் காவல் நிணநீர்க் கணுவையும் எடுத்தார்கள். கதிரியக்கத் துளியையும் நீலச் சாயத்தையும் திட்டைச் சுற்றி ஊசியில் செலுத்தினால், நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவில் அது தங்கும். புற்று கிளம்பியிருந்தால் முதலில் ஒதுங்கும் வீடு அதுதான். அந்த ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், கவட்டில் உள்ள எல்லாவற்றையும் அகற்றிக் கால் வீங்க வைக்க வேண்டியதில்லை.

குதிகால் குழியை மூட வெறும் தோல் ஒட்டு போதாது, நடக்கும்போது தேய்ந்துவிடும். பாதத்தின் நடு வளைவில், தரையில் படாத இடத்துத் தோலை அதன் ரத்தக் குழாயோடு திருப்பிக் குதிகாலில் வைத்தார்கள். வளைவுக்குத் தொடையிலிருந்து தோல் ஒட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றதுதான் அந்த அம்மாவுக்குப் புற்றுநோய் என்ற சொல்லைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

முழுத் திட்டையும் ஆராய்ந்ததில் ஆழம் 2.3 மி.மீ. என்று வந்தது. பஞ்ச் காட்டிய 1.8-ஐவிட அதிகம். ஒரு துண்டு எப்போதும் முழுக் கதையைச் சொல்லாது. மேலே புண் இல்லை, காவல் கணுவில் புற்று இல்லை. நிலை இரண்டு ஏ. கீமோ எதுவும் தேவைப்படவில்லை, கண்காணிப்பு மட்டும். முதல் படம் எடுத்த அன்றே, அந்த 7 மி.மீ. தட்டைப் பழுப்பாக இருந்தபோதே வந்திருந்தால் அநேகமாக அது மேல்தோலோடு நின்றிருக்கும். ஒரு செ.மீ.க்குள் ஓரம் விட்டு எடுத்துவிட்டு, கவட்டைத் தொடாமலேயே அனுப்பியிருப்பார்கள்.

நம் தோலில் எங்கே தேட வேண்டும்

இந்தியாவில் மெலனோமா அபூர்வம். வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் பட்ட முதுகிலும் காலிலும் அதிகம் வருகிறது. மெலனின் நிறைந்த தோல் வெயிலின் பாதிப்பிலிருந்து நம்மை ஓரளவு காக்கிறது. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகம் மூன்றிலும் வரும் மெலனோமாவுக்கு வெயில் பெரிய காரணம் இல்லை. எனவே அங்கே அந்தக் காவலும் இல்லை. நமக்கு வரும் மெலனோமாவில் பெரும் பங்கு அங்கேதான் வருகிறது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய எழுத்துக் குறிப்பில் இந்த இடங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாதத்துக்கென்று கால் மருத்துவர்கள் தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள தோலில் இல்லாத நிறம், என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாதது, ரத்தமோ கசிவோ, பெரிதாவது அல்லது சிகிச்சைக்குப் பிறகு மோசமாவது, இரண்டு மாதம் தாண்டியும் ஆறாதது. இவற்றில் இரண்டு இருந்தால் அனுப்பு என்பார்கள். இந்த அம்மாவுக்கு ஐந்தில் நான்கு இருந்தது. ஆணிப் பிளாஸ்திரிக்குப் போகாத "ஆணி" என்பதே போதுமான துப்பு.

நகத்தைப் பற்றி ஒன்று மட்டும். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் கறுப்பு பரவினால் அது வேறு. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்ததைக் கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977-இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-இல் இறந்தபோது அவருக்கு 36 வயது.

வராந்தாவில் மூன்று பேர்

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். நான் பார்ப்பது மூன்று இடம். ஒன்று தழும்பின் ஓரம், அங்கே புது நிறம் வருகிறதா என்று. இரண்டாவது குதிகாலுக்கும் கவட்டுக்கும் நடுவில் கால் முழுதும், ஏனென்றால் வழியில் சிக்கிய செல்கள் தோலுக்கடியில் மிளகு அளவு கறுப்பு முடிச்சுகளாக வரலாம். மூன்றாவது கவட்டுக் கணு. அதை அவரே தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். மருமகள் மாதம் ஒருமுறை படம் எடுக்கிறார். இப்போது நகத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டிவைத்து எடுக்கிறார், அதே ஜன்னல், அதே தூரம்.

போன முறை வந்தபோது தெருவிலிருந்து மூன்று பேரையும் கூட்டிவந்துவிட்டார். ஒருவருக்கு இருந்தது நிஜமாகவே ஆணி. இன்னொருவருக்குக் கறுப்பு, சுரண்டியதும் செதிலோடு வந்துவிட்டது. பழைய ரத்தம். மூன்றாவது ஒரு கல்லூரிப் பெண், முன்பாதத்தில் 4 மி.மீ. பழுப்பு மச்சம், பயந்துபோயிருந்தாள். பேனா மையைத் தடவித் துடைத்து லென்ஸை வைத்தேன். நீலக் கோடும் பழுப்புக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று, பள்ளத்துக்குள் ஒழுங்காக ஓடின. மச்சம்தான், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன்.

"அப்ப இது ஊர் சுத்துற மச்சமா?" என்று கேட்டாள்.

"அது மட்டும் எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிப் பஞ்சைக் கொடுத்தேன், மையைத் துடைக்க.